ரத்தான விமானம், எஞ்சிய இருக்கைகள்: செயலியா, தொலைபேசியா, கவுன்ட்டர் வரிசையா?

சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் ஒரு விமானம் ரத்தானதாக அறிவிப்பு வந்தால், அடுத்த நிமிடமே அந்த நிறுவனத்தின் கவுன்ட்டர் முன்னால் ஐம்பது அறுபது பேர் திரண்டுவிடுகிறார்கள். ரேஷன் கடையிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் நின்று பழகிய நமக்கு, முன்னால் நிற்பவருக்கே முதலில் கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. ஆனால் அடுத்த விமானத்தில் எஞ்சியிருக்கும் இருக்கைகள் அந்தக் கவுன்ட்டரில் வைக்கப்பட்டிருப்பவை அல்ல. அவை நிறுவனத்தின் முன்பதிவுக் கணினியில் இருக்கின்றன. கவுன்ட்டர் ஊழியரும், தொலைபேசியில் பேசும் ஊழியரும், நம் கையிலிருக்கும் செயலியும் ஒரே தொட்டியிலிருந்துதான் தண்ணீர் மொள்கிறார்கள். ஆகவே வரிசையில் மூன்றாவதாக நிற்பவர், வரிசையிலேயே இல்லாமல் நாற்காலியில் அமர்ந்து செயலியைத் திறந்தவருக்குப் பின்னால் போய்விடுவது அன்றாடம் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மாநிலத்துக்குள் பறக்கும் ஏ.டி.ஆர். ரக விமானம் ஒன்றில் 78 இருக்கைகள் இருக்கும். அது ரத்தாகி, அன்றிரவு அதே ஊருக்குச் செல்லும் கடைசி விமானத்தில் 15 இடங்கள் மட்டுமே காலியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கவுன்ட்டர்கள் திறந்திருந்து, ஒரு குடும்பத்துக்கு 5 நிமிடம் பிடித்தால், வரிசையில் இருபதாவது குடும்பம் கவுன்ட்டரை அடைய ஏறத்தாழ 45 நிமிடம் ஆகும். செயலியில் அதே மாற்றத்தை 3 நிமிடத்தில் முடிக்கலாம். அந்த 15 இடங்கள் 45 நிமிடம் காத்திருக்கப் போவதில்லை.

செயலிக்கு இன்னொரு முன்னுரிமையும் உண்டு. ரத்து என்ற முடிவு முதலில் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் கணினியில் ஏறுகிறது; குறுஞ்செய்தியும் செயலியின் அறிவிப்பும் அங்கிருந்தே புறப்படுகின்றன. முனையத்தின் அறிவிப்புப் பலகையில் ‘தாமதம்’ என்றே இருக்கும்போது, கைபேசியில் ரத்துச் செய்தி வந்து சேர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இடைவெளிதான் செயலியின் உண்மையான பலம். ஆனால் அது, பயணச்சீட்டுப் பதிவில் நம்முடைய எண் இருந்தால் மட்டுமே நமக்குக் கிடைக்கும். மயிலாப்பூர், தி.நகர் ஏஜென்டுகள் பலர் வாடிக்கையாளரின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் அலுவலக எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள்; அப்போது ரத்துச் செய்தி மூடிய அலுவலகத்தில் கிடக்கும் கைபேசிக்குப் போகிறது. இதில் பண இழப்பும் அடங்கியிருக்கிறது. உரிய காலத்தில் தகவல் தராமல் விமானத்தை ரத்து செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அதே விதி, பதிவின்போது முறையான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் சொல்கிறது.

மூன்று வழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை, சென்ற ஐப்பசி மழையில் என் அக்கா குடும்பத்துக்கு நேர்ந்ததைக் கொண்டு விளக்கலாம். அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரும் மாலை விமானத்தில் மதுரைக்குச் செல்ல வேண்டும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் நால்வருக்கும் பதிவாகியிருந்தது. பெட்டிகளை இன்னும் ஒப்படைக்கவில்லை. ஐந்து மணி சுமாருக்கு ரத்துச் செய்தி வந்தது. அத்தான் ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டு, நங்கநல்லூரில் வீட்டிலிருந்த எனக்குப் போன் செய்தார். நான் பி.என்.ஆர். எண்ணையும் பெயரையும் இட்டு நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். மாற்று விமானமாக மறுநாள் நண்பகலுக்குப் புறப்படுவது மட்டும் காட்டப்பட்டது. அன்றிரவு விமானம் பட்டியலிலேயே இல்லை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் ‘இரவு விமானம் நிரம்பிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மை வேறு. செயலி ஒரு பி.என்.ஆரை ஒரே மூட்டையாகப் பார்க்கிறது. நால்வருக்கும் சேர்த்து இடம் இருந்தால்தான் அந்த விமானத்தைக் காட்டும். மூன்று இடம் இருந்தாலும் அதன் கண்ணுக்கு அது நிரம்பிய விமானமே. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ரத்தான பதிவை மூடிவிட்டு, புதிதாகச் சீட்டு வாங்குபவரைப் போல அதே விமானத்தில் ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என்று தேடிப் பார்த்தால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை. தேடினேன். மூவருக்கு இருந்தது, நால்வருக்கு இல்லை.

பி.என்.ஆரை இரண்டாகப் பிரிக்கும் வசதி நான் பார்த்த செயலிகளில் இல்லை. அதைச் செய்ய ஓர் ஊழியர் வேண்டும், அவர் கவுன்ட்டரில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தேன். பதினான்கு நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். “என்ன வழி இருக்கிறது?” என்று கேட்காமல், “இந்த எண் விமானத்தில் மூன்று இடம் காட்டுகிறது, பி.என்.ஆரைப் பிரித்து அக்காவையும் குழந்தைகளையும் அதில் போடுங்கள், நான்காமவரை நாளைக் காலை முதல் விமானத்துக்கு மாற்றுங்கள்” என்று விமான எண்களோடு சொன்னேன். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. அத்தானிடம் சொன்னபோது அவருக்கு முன்னால் இன்னும் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“நீங்க வரிசையை விட்டு வெளியே வாங்க அத்தான், வேலை முடிஞ்சுது,” என்றேன். “கவுன்ட்டர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே தம்பி,” என்றார். அந்தத் தயக்கம் புரிகிறது. நம்மில் பலருக்கு முத்திரை குத்திய காகிதம் கைக்கு வந்தால்தான் மனம் ஆறும்.

தொலைபேசியின் தனிப் பலம் இதுதான்: செயலி கேட்காத கேள்விகளை அங்கே கேட்க முடியும். பிரிப்பது ஒன்று; மதுரைக்குப் பதிலாகத் திருச்சியில் இறங்கிச் சாலை வழியே செல்வதற்கு மாற்றித் தரச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும். ஆனால் கேட்பதற்கு ஆள் இருப்பது தொலைபேசியில்தான். அதன் பலவீனம் காத்திருப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, பதற்றத்தில் இணையத்தில் தேடி எடுக்கும் சேவை மைய எண். போலி எண்களைப் பரப்பிவைத்துக் காத்திருப்பவர்களுக்கு, விமானம் ரத்தாகும் நாள் அறுவடை நாள். எண்ணைப் பயணச்சீட்டிலிருந்தோ செயலிக்குள்ளிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். பணம் திருப்பித் தர ஓ.டி.பி. கேட்பவரோ, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்பவரோ விமான நிறுவன ஊழியர் அல்ல.

செயலியில் கை தவறினால் மீட்க முடியாத ஓரிடம் உண்டு. ரத்தான பதிவைத் திறந்தால் வழக்கமாக இரண்டு பொத்தான்கள் தெரியும்: மாற்று விமானம், பணம் திரும்பப் பெறுதல். விதிப்படி இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பயணியின் உரிமை. ஆனால் இரண்டாவதை அழுத்தியதும் பதிவு முடிந்துபோகிறது, பிறகு அன்றைய விலையில் புதுச் சீட்டு வாங்க வேண்டியதுதான். இதைவிட மோசமான தவறு, பலகையில் ‘தாமதம்’ என்று மட்டும் இருக்கும்போதே பொறுமையிழந்து, வழக்கமான ‘பதிவை நீக்கு’ என்பதை அழுத்துவது. நிறுவனம் ரத்து செய்வதற்கு முன்னால் நாமாக நீக்கினால் அது நம் விருப்பத்தால் நேர்ந்த ரத்து. பிடித்தம் போக மிச்சமே வரும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்; அந்த வரம்பு வரும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவது லாபம்.

மாற்றம் நடந்ததா என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் முனையத்தை விட்டு நகரக் கூடாது. புதிய விமானம் செயலியில் தெரிந்தால் மட்டும் போதாது; சில நிறுவனங்களில் பதிவு மாறியும் பயணச்சீட்டு மறுபடி வழங்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வெப் செக்-இன் திறந்திருக்கும் நேரத்தில் அதை முயன்று பார்ப்பதே இதற்குச் சோதனை. போர்டிங் பாஸ் வந்துவிட்டால் சரி. ‘கவுன்ட்டரை அணுகவும்’ என்று வந்தால், சீட்டு பதிவோடு ஒட்டவில்லை என்று சந்தேகித்து உடனே மறுபடி அழைக்க வேண்டும். கவுன்ட்டர் ஊழியர் நம் பதிவைத் திறந்து வைத்திருக்கும்போது நாமும் செயலியில் அதையே மாற்ற முயன்றால் ஒன்று மற்றதைத் தடுக்கும்; எனவே ஒருவர் வரிசையில் இடம் பிடிக்கலாம், மாற்றும் வேலை ஒரு கையில்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கவுன்ட்டரைத் தவிர்க்கவே முடியாத பயணிகள் இருக்கிறார்கள். பெட்டியை ஒப்படைத்துவிட்டவர் செயலியில் விமானத்தை மாற்றலாம், பெட்டி தானாக மாறாது. அது திரும்ப வர வேண்டும், புதிய பட்டை ஒட்டப்பட வேண்டும். பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே அமர்ந்திருப்பவர் ஏற்கெனவே செக்-இன் ஆனவர் என்பதால் செயலி பெரும்பாலும் மறுத்துவிடும். வெளியே வருவதற்கும் நிறுவன ஊழியரின் துணை வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கான உணவுச் சீட்டும் அங்கேதான். இவர்கள் வரிசையில் நிற்பதில் தவறில்லை. நின்றபடியே செயலியில் இடத்தைப் பிடித்துவிட்டால், கவுன்ட்டரை அடையும்போது பெட்டிக்காக மட்டும் பேசினால் போதும்.

விமான நிலையமே மூடப்படும் நாளின் கதை வேறு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னையில் ஓடுபாதை மூடப்பட்டு, சேவை மறுநாள்தான் மீண்டது. அத்தகைய நாளில் செயலி முதலில் நீட்டுவது மறுநாள் அதிகாலை விமானமாக இருக்கும். ஆனால் அந்த விமானம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தால்தான் புறப்பட முடியும், மூடல் இரண்டு மணி நேரம் நீண்டாலும் அதுவும் ரத்தாகலாம். அப்படிப்பட்ட இரவில் நானாக இருந்தால் அதிகாலையை விட்டுவிட்டு மறுநாள் பிற்பகலைத் தேர்ந்தெடுப்பேன். இயற்கைச் சீற்றத்துக்கு இழப்பீடும் கிடையாது என்பதால் இழக்க அங்கே ஒன்றுமில்லை. அத்தானுக்கு அன்று பெய்தது வெறும் மழைதான். அதிகாலை விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, ஆனால் பி.என்.ஆர். பிரிந்ததால் நால்வரின் பெட்டி எடையைச் சேர்த்துக் காட்ட முடியாமல் போனது. அக்கா விட்டுச்சென்ற பெரிய பெட்டிக்கு அவர் தனியாகப் பணம் கட்டினார். பிரிக்கச் சொன்ன நான் அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.