முன்பல் இடைவெளி: காம்போசிட்டா, போர்சலின் வெனீரா?

ஈரோட்டில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு பல்லில் முனை உடைசல். ஈறு நோயால் வந்த இடைவெளி இல்லை என்பதை முதலில் உறுதி செய்யவேண்டும்.

பல் நிறப் பிசினான காம்போசிட் என்றால் பல்லைப் பெரும்பாலும் சீவ வேண்டியதில்லை. பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அந்தப் பிசினை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக வைப்பார்கள். இரு பற்களிலும் முக்கால் மில்லிமீட்டர் கூட்டினால் இடைவெளி மூடிவிடும். ஒரே நாளில் முடியும், பல்லுக்குச் சில ஆயிரம் ரூபாய். ஆனால் மஞ்சளும் டீயும் அதில் கறையாகப் படியும். நம் ஊர்ச் சமையலுக்கு இது சின்ன விஷயமில்லை. அவ்வப்போது பாலிஷ் வேண்டும். ஐந்து முதல் ஏழு வருடம் உழைக்கும், ஓரம் உடைந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம்.

போர்சலின் வெனீர் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஓடு. லேப்பில் செய்து வரவேண்டும், அதனால் செலவு பல மடங்கு. கறை பிடிக்காது, பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். ஆனால் பெரும்பாலும் எனாமலைச் சீவித்தான் ஒட்டுவார்கள். சீவியது திரும்ப வளராது. எனாமல் தாண்டி உள்ளடுக்கான டென்டின் வரை போய்விட்டால் பிடிப்பும் தளரும். விரிசல் விட்டால் முழுதாக மாற்றவேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு நான் காம்போசிட்டைத்தான் சொல்வேன். நாளை வெனீர் வேண்டுமென்றால் அந்த வழி அப்போதும் திறந்தே இருக்கும். இரவில் பல் கடிக்கும் பழக்கமிருந்தால் எதைச் செய்தாலும் தூங்கும்போது பல்லில் மாட்டும் உறையான நைட் கார்டு போட்டுக்கொள்ள வேண்டும்.