வெயில் காலத்தில் சார்ஜ் போட்டால் போன் ரீஸ்டார்ட்: கடைசியில் மாட்டியது எது?

இந்த போனை ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன். முதல் கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாவது கோடையில்தான் ஆரம்பித்தது. மதியம் சார்ஜில் போட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்து வேலை பார்ப்பேன். அரை மணி நேரத்துக்குள் திரை கறுத்து, லோகோ வந்து, போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒரே வாரத்தில் நான்கு முறை.

பேட்டரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் சார்ஜில் இல்லாதபோது ஒருமுறைகூட இப்படி ஆகவில்லை. பேட்டரி சூடு அளவுக்கு மீறினால் பெரும்பாலும் எச்சரிக்கை காட்டிவிட்டுத்தான் போன் அணையும். எனக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேபிளில் போனை லேப்டாப்போடு இணைத்தால் அது லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஆகத் தொடங்கி சோதனையே கெட்டுவிடும். அதனால் வைஃபை வழியாக இணைத்து, லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் adb கருவியில் இதை ஓட்டினேன்:

```
adb shell dumpsys battery
```

அதில் `temperature: 441` என்று வந்தால் 44.1 டிகிரி என்று பொருள். அறையில் வெப்பம் 37 டிகிரி. ரீஸ்டார்ட் ஆவதற்குச் சற்று முன்பு பேட்டரி 44இல்தான் இருந்தது. சூடுதான், ஆனால் அதற்காக போன் விழக்கூடாது. பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கீழே பேட்டரி இருக்கும் பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. மேலே கேமராவை ஒட்டிய இடத்தில் விரலை வைத்திருக்க முடியவில்லை. என் போனில் பிராசசரும் மோடமும் சார்ஜிங் சிப்பும் இருப்பது அந்த இடத்தில்தான். மேலே இருந்த சூடு பேட்டரி சென்சார் எண்ணில் வரவே இல்லை.

அப்போதுதான் சார்ஜர் ஞாபகம் வந்தது. போனோடு வந்த 33 வாட் சார்ஜர் தொலைந்துபோய், அதற்குப் பதில் 65 வாட் என்று போட்டிருந்த ஒன்றை வாங்கியிருந்தேன். வாட் அதிகம் என்பதால் சூடு அதிகம் என்று நினைத்தால், அது தப்பு. கேபிளுக்கு நடுவே ஒரு யுஎஸ்பி மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 9 வோல்ட், 1.9 ஆம்பியர், அதாவது சுமார் 17 வாட் மட்டும். வோல்ட் 9ஐ விட்டு நகரவே இல்லை.

விஷயம் இதுதான். என் போன் முழு வேகத்தில் சார்ஜ் ஆக, சார்ஜரில் பி.பி.எஸ் என்ற வசதி வேண்டும். பேட்டரிக்கு அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்ப வோல்ட்டைச் சின்னச் சின்னப் படிகளாகக் கூட்டவும் குறைக்கவும் போன் சார்ஜரிடம் கேட்கும். அப்போது போனுக்குள் மாற்றும் வேலை குறைவு, வீணாகும் சக்தியும் குறைவு. புதிய சார்ஜரில் அந்த வசதி இல்லை. அதனால் போன் பழைய முறைக்கு இறங்கி, நிலையாக வரும் 9 வோல்ட்டை உள்ளேயே 4 வோல்ட் அளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஒன்றரை வாட்டுக்கு மேல், சார்ஜிங் சிப்பில் சூடாகவே போய்விடும். பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட்டுக்காக மோடமும் கொதிக்கிறது. சார்ஜ் மெதுவாக ஏறியும் சூடு அதிகமானது இப்படித்தான்.

பி.பி.எஸ் உள்ள ஒரு சார்ஜர் வாங்கி, அதே அறை, அதே மதியம், ஹாட்ஸ்பாட்டோடு சோதித்தேன். மீட்டரில் வோல்ட் 8.1, 8.2, 8.3 என்று மெல்ல ஊர்ந்தது. முதலில் 27 வாட், பேட்டரி 43ஐத் தாண்டியதும் போனே 12 வாட்டுக்கு இறக்கிக்கொண்டது. பேட்டரி சூடு 45 வரை போனது, முன்பைவிட ஒரு டிகிரி அதிகம். ஆனால் கேமரா பக்கம் விரல் வைக்க முடிந்தது. ரீஸ்டார்ட் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. பழைய 65 வாட்டைத் திரும்ப மாட்டினேன், இருபத்தைந்து நிமிடத்தில் விழுந்தது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு அதே சார்ஜரில் போட்டேன், விழவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பிரச்சினை.

வாங்கும்போது வாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில், பி.பி.எஸ் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 3.3 முதல் 11 வோல்ட் என்பது போல ஒரு வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் 65 வாட்டில் வெறும் 5, 9, 15, 20 என்றுதான் இருந்தது. அப்புறம், எல்லா போனும் பி.பி.எஸ்ஸைப் பயன்படுத்துவதில்லை. சில நிறுவனங்கள் சொந்த முறை வைத்திருக்கின்றன, அவற்றுக்குப் பெட்டியோடு வந்த சார்ஜர்தான் சரி.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. 45 டிகிரியும் பேட்டரிக்கு நல்லதல்ல என்பதால், மதியத்தில் கவரைக் கழற்றி, போனை நிறுத்திவைத்து ஃபேன் காற்று படும்படி வைக்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன நண்பர் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே ஈரம் கோத்தால் அது தனிக் கதை. இதற்கிடையில் ஒரே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது, தலையணைக்கு அடியில் சார்ஜில் மறந்து வைத்த அன்று. அந்தப் பழி சார்ஜர் மேல் இல்லை.