துபாயிலிருந்து ஊர் திரும்ப: செப்டம்பர் நடுவிலா, அக்டோபர் நடுவிலா?

2020 டிசம்பரில் துபாய் போனவர், வருடம் ஒரு மாத விடுப்பில் மட்டும் வந்துபோனவர், 2025-26 நிதியாண்டில் ஒரேயடியாகத் திரும்புகிறார் என்று வையுங்கள். எந்தத் தேதியில் வந்தால் துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி வராது என்று பார்ப்போம்.

நாள் கணக்கு
செப்டம்பர் 15: மார்ச் 31 வரை 198 நாள். நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இருப்பதால், வருமான வரிக் கணக்கில் இங்கு வசிப்பவர்.
அக்டோபர் 15: 168 நாள். வசிக்காதவர்.

ஏப்ரல் 1 முதல் விடுப்பில் வந்த நாட்களும் சேரும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். மே மாதம் 14 நாள் வந்திருந்தால் அக்டோபர் 15-ல் திரும்பினாலும் 182-ஐத் தொட்டு வசிப்பவராகிவிடுவார். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எண்ணுங்கள்.

துபாய்ச் சம்பளம்
செப்டம்பர்: ஏப்ரலிலிருந்து அங்கே வாங்கியதும் இங்கே வரிக்கு வரும். அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை, அதனால் கழிக்கவும் ஒன்றுமில்லை.
அக்டோபர்: வரி இல்லை. ஆனால் சம்பளம் முதலில் துபாய் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்; நேரே இந்தியக் கணக்குக்கு வந்தால் வரி உண்டு.

எனவே இவரைப் போன்றவர்கள், முடிந்தால் நோட்டீஸ் காலத்தை ஒரு மாதம் நீட்டிக் கேட்பதே நல்லது.

பத்துப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தவருக்கு இந்தக் கவலை வேண்டாம். முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்குள் என்றால், செப்டம்பரில் வந்தாலும் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற நிலை கிடைக்கும். அங்கேயே உழைத்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. அவர் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைப் பார்த்தே தேதி குறிக்கலாம்.