லேசானது முதல் மிதமானது வரை: ஒரு மொழிபெயர்ப்புக்காக ஊரில் அலைந்த கதை

மூன்று வார விடுமுறை. பொங்கல், பெரியம்மா வீட்டு நிச்சயதார்த்தம், குலதெய்வம் கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாலு நாள் என் உயிரை வாங்கிய ஒரு பக்கக் காகிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

என் தம்பிக்கு இப்போது 38 வயது. சிறுவயதிலிருந்தே மனவளர்ச்சி குன்றியவன். அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனபிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அம்மாவுக்குப் பிறகு அது தம்பிக்கு வர வேண்டும். அதற்காக அம்மா இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் அவன் பெயரை ஏற்றிவிடலாம். நான் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் அம்மா இதைச் சொல்வார். நானும் "அடுத்த தடவை" என்பேன். இந்தத் தடவை தப்பிக்க முடியவில்லை.

தம்பிக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான புது அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி., இருக்கிறது. அதில் ஆங்கிலத்திலேயே இன்டலக்சுவல் டிசபிலிட்டி, 75 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் அது சில வருடங்களுக்கு முன்னால் வாங்கியது. குறைபாடு எப்போதிலிருந்து இருக்கிறது என்று காட்ட, 2004-இல் வாங்கிய பழைய அடையாளப் புத்தகத்தையும் ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டார்கள். அது தமிழில், யாரோ எழுத்தர் நீல மையில் நிரப்பியது. விவரம் என்று பார்த்தால் மூன்றே வரிகள்: "மனவளர்ச்சி குன்றியவர் – மிதமான நிலை. 75 (எழுபத்தைந்து) சதவீதம். நிரந்தரமானது, மறுபரிசோதனை தேவையில்லை." கோப்பு வேறு மாநிலத்துக்குப் போகும் என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள்.

மூன்று வரிதானே, அரை மணி வேலை என்று நினைத்தேன். ஜெர்மனியில் 16 வருடம் இருந்துவிட்டு வந்தவனின் திமிர் அது.

அங்கே இந்த மாதிரி வேலைக்கு நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் இருப்பார். வரிக்கணக்கில் காசு வாங்குவார், வயிறு எரியும். ஆனால் மூலத்தில் இருக்கும் முத்திரை, கையெழுத்து, அடித்து எழுதிய இடம் வரை குறிப்பிடுவார். எங்கள் ஊர் கலெக்டர் ஆபீஸ் எதிரே முன்பு வேப்பமரத்தடியில் ஒரு டைப்பிஸ்ட் சார் உட்கார்ந்திருப்பார். என் சாதிச் சான்றிதழ் மனு முதல் பாஸ்போர்ட் கடிதம் வரை அவர் விரலில் பிறந்ததுதான். ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். மரமும் இல்லை, அவரும் இல்லை. ஜெராக்ஸ் கடை வரிசைதான் இருக்கிறது. ஒரு கடையில் "உடனடி மொழிபெயர்ப்பு, நோட்டரி" என்று போர்டு. பையன் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தான். பக்கத்து அறையில் நோட்டரி மூன்று முத்திரை குத்தினார். மூலத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. 1952-ஆம் வருட நோட்டரி சட்டத்தில் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறது. இதை நான் பிறகுதான் படித்தேன். அப்போது படித்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் ஓய்வூதிய அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் ஓர் அம்மா அட்டை, மொழிபெயர்ப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சார், உங்களுக்கு ரெண்டு தம்பியா?"

இல்லை என்றேன்.

"அட்டையில இருக்கிறவர் ஒருத்தர். இதுல இருக்கிறவர் வேற ஒருத்தர்."

அப்போதுதான் நானே ஒழுங்காகப் படித்தேன். "மனவளர்ச்சி குன்றியவர்" என்பதைப் பையன் மென்ட்டலி இல் என்று போட்டிருந்தான். அதாவது மனநோயாளி. "மிதமான" என்பதை மைல்டு ஆக்கியிருந்தான். மறுபரிசோதனை பற்றிய வரியையே காணோம்.

முதல் தவறு எவ்வளவு பெரியது என்பது எனக்கே அந்த அம்மா சொல்லித்தான் புரிந்தது. மனவளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் 2016-ஆம் வருடச் சட்டத்தில் தனித்தனி வகைகள். 1995-ஆம் வருடப் பழைய சட்டத்திலும் தனித்தனிதான். அளக்கும் முறையே வேறு. முன்னதற்கு அறிவுத்திறன் சோதனையும் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் திறனும் பார்ப்பார்கள். மனநோய்க்கு ஐடியாஸ் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. மனநோய் குணமாகலாம், குறையலாம் என்பதால் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி வரச் சொல்லி சான்று தருவது வழக்கம். குடும்ப ஓய்வூதியத்தில் நிரந்தரக் குறைபாடு என்றால் மருத்துவச் சான்றை ஒரு தடவை கொடுத்தால் போதும். தற்காலிகம் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வகையும் மாறி, "நிரந்தரமானது, மறுபரிசோதனை தேவையில்லை" என்ற வரியும் விழுந்துவிட்டால், அம்மா இல்லாத காலத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அவனை யார் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது?

அதோடு முடியவில்லை. பின்னால் தம்பிக்காகப் பணத்தை வாங்க ஒரு சட்டப்பூர்வக் காப்பாளர் வேண்டும். அதை 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு தருகிறது. அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான். மனநோய் அதில் இல்லை. ஒரு சொல் மாறினால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். பையன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "ரெண்டும் ஒண்ணுதான் சார். மிதமானன்னா லேசானதுதானே?" என்றான். டி.வி.யில் தினமும் "லேசானது முதல் மிதமான மழை" என்று சொல்கிறார்களே, ஒன்றாக இருந்தால் எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சிரித்தான். "வேணும்னா மாத்தி அடிச்சுத் தரேன், முத்திரைக்கு மட்டும் தனியா கொடுங்க." வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது அவனை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. மிதமான சூடு என்கிறோம், மிதமான காரம் என்கிறோம், குறைவு என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறோம். அவன் விட்டது வேறு இடத்தில். மனவளர்ச்சிக் குறைபாட்டில் சதவீதம் தன்னிஷ்டத்துக்கு வருவதில்லை, படிநிலையோடு கட்டியது. லேசானது 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. ஆகவே மைல்டு என்ற சொல்லும் 75 என்ற எண்ணும் ஒரே காகிதத்தில் சேர்ந்து வரவே முடியாது. எண்ணைப் பார்த்தாலே சொல் தப்பு என்று தெரிந்திருக்கும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

ஜெர்மனியில் இந்த வம்பு வேறு மாதிரி. அங்கே குறைபாட்டுக்குச் சதவீதமே கிடையாது. 20 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஓர் அளவு போடுவார்கள், 50 வந்தால் கடும் குறைபாடு. பேச்சில் எல்லாரும் "ஐம்பது சதவீதம்" என்பார்கள், ஆனால் சட்டத்தில் அந்தக் குறியே இல்லை. இங்கே வாங்கிய 75 சதவீதத்தை அங்கே 75 என்று எழுதினால் அதுவும் தப்பு. அவர்கள் அளவில் 75 என்று ஒரு படியே இல்லை. ஊருக்கு ஊர் அளவுகோல் மாறும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொந்த ஊரில் அதைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

சரி, யார் எழுதுவது? என் பழைய ஆங்கில ஆசிரியர் ஓய்வு பெற்று அடுத்த தெருவில் இருக்கிறார். போய் நின்றேன். அவர் முதலில் கேட்டது: "மூலம் இதுதானா?" புரியவில்லை. "டாக்டர் தமிழிலயா எழுதியிருப்பார்? இதுவே யாரோ தமிழாக்கினதா இருக்கும். டாக்டர் எழுதின சீட்டு வீட்டுல இருக்கா பாரு."

அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். அப்பாவின் ரேஷன் ரசீதுகள், எங்கள் தடுப்பூசி அட்டைகள், பாச்சை உருண்டை வாசனை. அடியில், மஞ்சளாகிப்போன ஓர் அரைத் தாள்: 2004, மருத்துவக் குழுவுக்குப் போகும் முன் உளவியலாளர் எழுதியது. ஐ.க்யூ. 42, மாடரேட் என்று ஆங்கிலத்திலேயே. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் நிச்சயதார்த்தத்தில்கூட வரவில்லை. பெரியம்மா மன்னிக்கட்டும்.

வாத்தியார் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினார். இடது பக்கம் புத்தகத்தின் வரி, எழுத்து மாறாமல். வலது பக்கம் ஆங்கிலம். 75 என்ற எண்ணையும் அடைப்பில் உள்ள எழுத்தையும் இரண்டையும் போட்டார். முத்திரையில் தேய்ந்த இடத்தில் "படிக்க முடியவில்லை" என்று போட்டார், ஊகித்து நிரப்பவில்லை. வகைக்கு மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. புது அட்டையில் இருக்கிற மாதிரி இன்டலக்சுவல் டிசபிலிட்டி என்றே போடுங்கள் என்றேன், அந்தப் பழைய சொல் காதுக்கு நன்றாகவா இருக்கிறது? அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2004-இல் அமலில் இருந்த சட்டத்தின் ஆங்கிலச் சொல் மென்ட்டல் ரிட்டார்டேஷன். அன்றைய காகிதத்துக்கு அன்றைய சொல்தான் என்றார். கீழே தன் குறிப்பாக, 2016-ஆம் வருடச் சட்டம் இதையே இன்டலக்சுவல் டிசபிலிட்டி என்று அழைக்கிறது என்று ஒரு வரி சேர்த்தார். அதுதான் சரி என்று இப்போது படுகிறது. நாமே சொல்லைப் புதுப்பித்துவிட்டால், மூலத்தோடு ஒப்பிடுகிறவர் மறுபடி "ரெண்டு தம்பியா" என்றுதான் கேட்பார். கடைசியில் தன் பெயர், முகவரி, தேதி, "எனக்குத் தெரிந்தவரை முழுமையும் சரியும்" என்று கையெழுத்து. வேறொரு நோட்டரியிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் முத்திரை போட்டார்.

அலுவலகத்து அம்மா மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். உளவியலாளர் சீட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "இப்ப ஒரே தம்பிதான்" என்று சொல்லிவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். ஆணை இனித்தான் வர வேண்டும்.

கடைப் பையன் அடித்த பழைய தாளைக் கிழித்துப் போட நினைத்தேன், எங்கேயாவது கோப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று. தம்பி விடவில்லை. அவனுக்கு முத்திரை என்றால் உயிர். அதில் மூன்று இருக்கிறது, சரியானதில் ஒன்றுதான். அம்மா சிவப்பு மையால் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டு அவனிடமே கொடுத்துவிட்டார். விமான நிலையத்துக்கு வண்டி ஏறும்போதும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.