சி.எல்.எல்: உடனே மருந்தா, கவனித்துக் காத்திருப்பதா?

ஒருவருக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளணு 18,000, ஹீமோகுளோபின் 13.5, தட்டணுக்கள் 2.1 லட்சம், நெறிக்கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை. ரத்த அணுக்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை இதை சி.எல்.எல், அதாவது லிம்போசைட்டுகள் பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்கிறது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் மருந்து வேண்டாமா என்று வீட்டில் பதறுவது நியாயம்தான்.

ஆயுள்
மருந்து: இந்த ஆரம்பக் கட்டத்தில் இப்ருட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடவில்லை.
காத்திருப்பு: ஆயுள் குறையவில்லை, சிலருக்குக் கடைசிவரை மருந்தே தேவைப்படாது.

தொல்லை
மருந்து: ரத்தக்கசிவு, இதயத்துடிப்புக் கோளாறு.
காத்திருப்பு: சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை, அப்புறம் மனக்கவலை, அதுவும் லேசானதில்லை.

இவருக்குக் காத்திருப்பதே சரி. லிம்போசைட் எண்ணிக்கை உயர்ந்தது மட்டுமே மருந்துக்குக் காரணமாகாது. நோயால் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழோ தட்டணுக்கள் 1 லட்சத்துக்குக் கீழோ இறங்கினால், இரவில் உடை நனைய வியர்த்தால், எடை காரணமின்றிக் குறைந்தால், அப்போது மருந்து தொடங்குவதைத் தள்ளிப்போடக் கூடாது.