சுதாவா, சுபாவா: குரலில் மெசேஜ் அனுப்ப எந்த வழி தேறும்?

உளுந்தை வழித்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டிருந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு கையிலும் மாவு. மேடையில் கிடந்த போனைக் கூப்பிட்டு, சுதாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். சுதா என் அண்ணி. "வரும்போது தேங்காய் ரெண்டு வாங்கிட்டு வாங்க, வீட்ல சுத்தமா இல்ல." போன் அதை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிப் படித்துவிட்டு, அனுப்பலாமா என்று கேட்டது. அனுப்பு என்றேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது, மகளின் கிளாஸ் டீச்சரிடமிருந்து. "மேடம், இது எனக்கா?" அவர் பெயர் சுபா.

தேங்காயோடு போனது பரவாயில்லை. அனுப்புவதற்கு முன் கேட்கத்தானே செய்தது, பிறகு எப்படித் தப்பியது என்பதுதான் என்னைக் குடைந்தது. பெயர் குழப்பத்தைத் தீர்க்க இருக்கும் வழிகளையும், அனுப்பும் முன் சரிபார்க்க இருக்கும் வழிகளையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது வேறு, காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு பெயர்கள் இருப்பது வேறு. போனில் மூன்று குமார் இருந்தால் ஆபத்து குறைவு. குமார் என்று சொன்னதுமே மூன்று பேர் பொருந்துவது போனுக்குத் தெரிகிறது, எந்தக் குமார் என்று பட்டியல் போட்டுக் கேட்கிறது. சிரி, கூகுள் அசிஸ்டன்ட் இரண்டும் இதைச் செய்கின்றன. சுதா, சுபா விஷயம் அப்படியில்லை. போனுக்குச் சந்தேகமே வராது. அது சுபா என்று கேட்டது, சுபா என்று ஒரே ஒருவர் இருக்கிறார், ஆகவே கேள்வி கேட்க ஒன்றும் இல்லை.

இப்படி ஏன் நடக்கிறதென்றால், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வெறும் ஒலியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. நம் கான்டாக்ட் பட்டியலில் உள்ள பெயர்களின் பக்கம் அது சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிச் சாய்க்காவிட்டால் 'செந்தாமரைக்கண்ணன்' மாதிரிப் பெயரையெல்லாம் அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அதே சாய்வால், அரைகுறையாகக் காதில் விழுந்ததும் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு பெயரில் போய் உட்கார்ந்துவிடும். சுதாவுக்கும் சுபாவுக்கும் நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். கிரைண்டர் சத்தத்தில் முதலில் அடிபடுவது அந்த ஒரு நொடிக்கும் குறைவான ஒலிதான். முன்னால் உள்ள 'சு', பின்னால் உள்ள 'ஆ' இரண்டும் தெளிவாகவே போய்ச் சேரும். அதனால் கிடைக்கும் தப்பான விடை, சரியான விடை மாதிரியே இருக்கும்.

தமிழில் கட்டளை சொல்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஆங்கிலத்தில் பெயர் தனியாக நிற்கும், நமக்கு வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். போனில் ரவியும் இருக்கிறார், ரவிக்குமாரும் இருக்கிறார் என்று வையுங்கள். "ரவிக்கு மாவு வாங்கிட்டு வரச் சொல்லி மெசேஜ் அனுப்பு" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஆரம்பம் 'ரவிக்குமா…' என்றுதான் ஒலிக்கிறது. நிறுத்திச் சொன்னால் பிழைத்தோம். மாமியார் வீட்டில் எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சிரித்தேன், ரவி மட்டும் சிரிக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம்.

பெயர் குழப்பத்துக்குச் சொல்லப்படும் முதல் வழி, கான்டாக்டில் உச்சரிப்பை எழுதி வைப்பது. ஐபோனிலும் கூகுள் கான்டாக்ட்ஸிலும் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. `Phonetic first name` என்றோ `Pronunciation first name` என்றோ இருக்கும். ஆங்கில எழுத்தில் சேவ் செய்த தமிழ்ப் பெயரைப் போன் கடித்துத் துப்புகிறதென்றால் இது உதவும். Thina என்பவர் தினாவா, டினாவா என்ற குழப்பத்துக்கு இது மருந்து. ஆனால் சுதா, சுபா இரண்டையும் எவ்வளவு சரியாக எழுதி வைத்தாலும் அவை நெருங்கிய ஒலிகளாகத்தான் இருக்கும். நம் நோய்க்கு இது மருந்தில்லை.

இரண்டாவது வழி உறவு. இன்னார் என் அம்மா, இன்னார் என் அண்ணன் என்று பதிந்து வைத்துவிட்டு, பெயரே சொல்லாமல் உறவைச் சொல்லி அனுப்புவது. அம்மா, அப்பா, கணவன், மனைவி வரை இது அருமை, ஏனென்றால் அங்கே ஆள் ஒருவர்தான். நம் வீடுகளில் சித்தியும் மாமாவும் ஒருவரோடு நிற்பதில்லை. இரண்டு சித்தி வந்ததும் பழைய குழப்பம் புதுப் பெயரில் திரும்புகிறது. தவிர டீச்சருக்கும் கேஸ்காரருக்கும் என்ன உறவு சொல்வது?

மூன்றாவது `Nickname` கட்டம். சுதாவுக்கு 'அண்ணி' என்று அதில் போட்டேன். சொல்வதற்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உறுதி கேட்கும்போது திரையில் வந்து நின்றது நான் சேவ் செய்திருந்த பழைய பெயர்தான். நான் சொன்னது ஒன்று, அது காட்டுவது வேறொன்று. அந்தச் சின்ன இடறலிலேயே கவனம் போய்விடுகிறது.

நான்காவது மிகப் பழைய வழி, பெயரையே மாற்றிச் சேவ் செய்வது. இதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 'குமார் பிளம்பர்', 'செல்வி மாவு மில்', 'ரவி மச்சான்' என்று எந்தப் போனைத் திறந்தாலும் இருக்கும். என் போனில் இப்போது 'சுதா அண்ணி', 'சுபா டீச்சர்'. என் கணக்கில் மற்ற மூன்றையும் இது தூக்கிச் சாப்பிடுகிறது. முதல் சொல்லைச் சத்தம் விழுங்கினாலும் இரண்டாம் சொல் காப்பாற்றுகிறது. அண்ணிக்கும் டீச்சருக்கும் ஒரு மெய்யெழுத்துகூடப் பொதுவில் இல்லை. போன் திருப்பிச் சொல்லும்போதும் அதே இரண்டாம் சொல் வருவதால் தப்பு உடனே காதில் குத்துகிறது. மற்ற வழிகள் போகும்போது மட்டும் உதவுகின்றன, இது வரும்போதும் உதவுகிறது. இனிஷியல் போட்டுப் பிரிப்பதை இதோடு சேர்க்காதீர்கள். ஆர்.குமார், எஸ்.குமார் என்பது கண்ணுக்குப் பிரிவு, காதுக்கு அவ்வளவாக இல்லை. இரண்டாம் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் போனைப் பார்க்க நேர்ந்தாலும் சங்கடம் வராத சொல்லாக இருக்கட்டும். 'வட்டி' என்று ஒருவரைச் சேவ் செய்து வைத்திருந்த என் தோழி பட்ட பாடு தனிக்கதை.

சரிபார்ப்பில் மூன்று தினுசு உண்டு. எதுவும் கேட்காமல் நேராக அனுப்புவது, குரலால் படித்துக் காட்டிக் கேட்பது, திரையைப் பார்த்து நாமே விரலால் தட்டுவது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் சிரி அமைப்புகளுக்குள் `Automatically Send Messages` என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உறுதி கேட்கும் படி போய்விடும். பட்டியலில் ஒலி ஒத்த பெயர்கள் இருப்பவர்கள் இதை அணைத்து வைப்பதே மேல்.

இரண்டாவதில்தான் நான் விழுந்தேன். குரல் உறுதிப்படுத்தலில் நம் காது எதைக் கவனிக்கிறது என்று பாருங்கள். பெயர் ஒரு நொடியில் கடந்துவிடும், வாசகம் ஐந்தாறு நொடி ஓடும். சொன்னது சரியாக ஏறியிருக்கிறதா என்று வாசகத்தின் பின்னாலேயே மனம் போகிறது. வாசகம் சரியாக இருந்ததும், எல்லாமே சரி என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு, பெயரைப் போனின் காதிலிருந்து மறைத்த அதே கிரைண்டர் சத்தம்தான், போன் சொல்லும் பெயரை என் காதிலிருந்தும் மறைக்கிறது. ஒரே ஓட்டை இரண்டு பக்கமும்.

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. பெயரையும் வாசகத்தையும் ஒரே வாக்கியத்தில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துச் சொல்வது. முதலில் "சுதா அண்ணிக்கு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பு" என்பதோடு நிறுத்திவிட்டால், போன் என்ன மெசேஜ் என்று கேட்கும். அந்த இடைவெளியில் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. திரையில் சுபா டீச்சர் என்று வந்தால் வாசகம் சொல்வதற்கு முன்பே ரத்து செய்யலாம். நாலைந்து நொடி கூடுதலாகிறது, அவ்வளவுதான். வாட்ஸ்அப் என்று செயலியின் பெயரைச் சேர்த்துச் சொன்னதும் காரணமாகத்தான். வெறும் மெசேஜ் என்றால் ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ்ஸாகப் போக வாய்ப்பு அதிகம், போன எஸ்எம்எஸ்ஸை இழுத்துப் பிடிக்க வழியே கிடையாது. ஐமெசேஜில் 2 நிமிடத்துக்குள் திரும்பப் பெறலாம். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது, ஆனால் அழித்த தடம் அங்கேயே நிற்கும். டீச்சருக்குத் தேங்காய் மெசேஜ் போனதைவிட, அழித்த மெசேஜ் ஒன்று கிடப்பதுதான் ஆயிரம் கற்பனையைக் கிளப்பும். அதனால் நான் அழிக்கவில்லை.

மூன்றாவது, கண்ணால் பார்த்து விரலால் அனுப்புவது. பிழைக்கு மிகக் குறைந்த இடம் உள்ள வழி இதுதான். ஆனால் கையில் மாவு இருப்பதால்தானே குரலுக்கே போனோம்? வண்டி ஓட்டுபவருக்குத் திரையைப் பார் என்று சொல்வதும் தப்பு. ஆகவே நான் மெசேஜைப் பார்த்துப் பிரித்துக்கொண்டேன். தேங்காய், பால், லேட்டாகும் என்பவை குரலிலேயே போகும், இரண்டு கட்டமாக. பணத்தொகை, கணக்கு எண், மருத்துவ ரிப்போர்ட், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது என்றால் கையைக் கழுவிவிட்டு வந்து தட்டுகிறேன்.

நேற்று மறுபடி கிரைண்டர் ஓடியது. வேண்டுமென்றே பக்கத்தில் நின்று, சுதா அண்ணிக்கு என்றேன். திரையில் சுதா அண்ணி. மகள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எங்க மிஸ்ஸுக்கு ஒண்ணும் வேண்டாமாம்மா?" என்றாள்.