வாயால் சொன்ன மின்னஞ்சலைத் திருத்த: கண்ணா, காதா, தேடலா?

ஊட்டியிலிருந்து காய்கறி அனுப்பும் ஒரு வியாபாரி, டிசம்பரில், போனில் பேசியே சென்னைக் கடைக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் வந்தது இது:

"கேரட் அறை லோடு ஏற்றிவிட்டோம் பணி காரணமாக லாரி கிளம்பாது வெள்ளிக்கிழமை பாக்கியை அனுப்பிவிடுங்கள்"

அவர் சொன்னது அரை லோடு, பனி காரணமாக. சிவப்புக் கோடு எதுவும் வராது, ஏனென்றால் அறையும் பணியும் சரியான சொற்கள்தான். அதனால் பிழைதிருத்தியை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

கண்ணால் படிப்பது எல்லோரும் செய்வது. 'அறை லோடு' பொருளே இல்லாமல் நிற்பதால் மாட்டிவிடும். 'பணி காரணமாக' மாட்டாது. வேலை இருக்கிறது, அதனால் லாரி கிளம்பவில்லை என்று அதுவும் ஒழுங்காகத்தான் படிக்கிறது, அதுவும் எழுதியவரே படித்தால் தான் சொன்னதைத்தான் மனம் படிக்கும்.

போனை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பது அடுத்தது (ஆண்ட்ராய்டில் Select to Speak). நிறுத்தற்குறிக்கு என் ஓட்டு இதற்குத்தான். புள்ளி இல்லாத இடத்தில் குரல் மூச்சுவிடாமல் ஓடும்போது எங்கே வெட்ட வேண்டும் என்று உடனே உறைக்கும். மேலே பாருங்கள், 'கிளம்பாது' பக்கத்தில் புள்ளி வைத்தால் பாக்கி வெள்ளிக்கிழமை வரவேண்டும். 'வெள்ளிக்கிழமை'க்குப் பின் வைத்தால் லாரி வெள்ளிக்கிழமை கிளம்பாது, பாக்கியை எப்போது அனுப்புவது என்றே இல்லை. பேச்சில் வினைமுற்றுக்குப் பின்னால் கிழமையையோ இடத்தையோ ஒட்டவைப்பது நமக்குப் பழக்கம், அதனால் வினைமுற்றைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்துவிட முடியாது. ஆனால் ஒலி ஒத்த சொற்களுக்குக் காது உதவாது. அரையும் அறையும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். னகர ணகர வித்தியாசத்தைக் குரல் காட்டினாலும் ஓட்டத்தில் தப்பிவிடும்.

அதற்குத் தேடல்தான் சரி. வரைவைக் கணினியில் திறந்து, Ctrl+F போட்டு, பணி, பனி, அரை, அறை என்று உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் ஜோடிகளின் இரண்டு பக்கத்தையும் தேடுங்கள், அகப்பட்ட ஒவ்வொன்றையும் அதன் வாக்கியத்தோடு படியுங்கள். 'பணி' என்று தேடினால் 'பணியில்' என்பதும் அகப்படும். ஆனால் 'மணம்' என்று தேடினால் 'மணத்தை' சிக்காது, 'மண' என்று வெட்டித் தேட வேண்டும், அப்போது மணலும்கூட வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத ஜோடியை இது பிடிக்காது, அது இதன் பெரிய ஓட்டை.

இரண்டு வரி அஞ்சலுக்குக் கண்ணே போதும். பணம், நாள், அளவு இருந்தால் முதலில் காது, புள்ளிகளை வைத்தபின் தேடல். இதையும் பேசி முடித்த கையோடு செய்யுங்கள், வாயால் என்ன சொன்னோம் என்பது மாலைக்குள் மறந்துவிடும்.